ரூட் பார்ட்டிஷன் நிரம்பி இணையதளம் நின்றால்: நிர்வாகத்துக்கு எழுதும் அறிக்கை

லினக்ஸில் ஓடும் ஒரு வெப் சர்வரில் எல்லாக் கோப்புகளும் `/` என்ற ஒற்றைச் சாய்கோட்டின் கீழ்தான் அடங்கும். அந்தச் சாய்கோட்டைத் தாங்கும் டிஸ்க் பகுதிக்கு ரூட் பார்ட்டிஷன் என்று பெயர். இயங்குதளமும், அதில் நிறுவிய மென்பொருள்களும், அவற்றின் அமைப்புக் கோப்புகளும் இங்கேதான் இருக்கின்றன. தனியாகப் பிரித்து வைக்காவிட்டால், சர்வர் ஓட ஓட எழுதிக்கொண்டே போகும் லாக் கோப்புகளும், தற்காலிகக் கோப்புகளும், தளத்துக்குள் நுழைந்தவர்களைப் பற்றிய செஷன் குறிப்புகளும் இதே இடத்தில்தான் சேரும். கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் ஒரே பார்ட்டிஷனோடுதான் வருகின்றன. பிரித்து வைப்பது, எடுத்தவர் தனியாகச் செய்யவேண்டிய வேலை. அதைப் பலர் செய்வதில்லை.

இந்தப் பகுதி நிரம்பிவிட்டால் சர்வர் உடனே அணைந்துவிடாது. புதிதாக எதையாவது எழுத முயலும் நிரலுக்கு மட்டும் `No space left on device` என்ற பதில் வரும். படிப்பதில் சிக்கல் இருக்காது. அதனால் முகப்புப் பக்கம் திறக்கும், படங்கள் தெரியும், பொருள்களின் விலைகூடத் தெரியும். ஆனால் வாடிக்கையாளர் கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே நுழையும்போது அவருக்கான செஷன் கோப்பை எழுத இடம் இருக்காது. கூடையில் போட்ட பொருள் அடுத்த பக்கத்தில் காணாமல் போகும். பெரிய படத்தைப் பதிவேற்றினால், அதைத் தற்காலிகமாக வைக்க இடமில்லாமல் 500 என்ற பிழை வரும். வெளியே இருந்து பார்ப்பவருக்குத் தளம் இருப்பதுபோல்தான் தோன்றும், விற்பனை மட்டும் நடக்காது. இந்த அரைகுறை நிலைதான் இத்தகைய பழுதைக் கண்டுபிடிக்கத் தாமதமாகக் காரணம்.

பழுது சரியான பிறகு, சர்வரைக் கவனிக்கும் பொறியாளர் நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். என்ன நடந்தது, எவ்வளவு நேரம், யாருக்குப் பாதிப்பு, ஏன் நடந்தது, மறுபடி நடக்காமல் இருக்க என்ன செய்யப்படுகிறது என்பதைச் சொல்லும் கடிதம் அது. தொழில்நுட்பம் தெரியாத ஒருவர் அதைப் படித்துவிட்டு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வார், செலவுக்கு ஒப்புதல் தருவார், ஆள் ஒதுக்குவார். "டிஸ்க் நிரம்பிவிட்டது, இடத்தை விடுவித்துவிட்டோம், இனி கவனமாக இருப்போம்" என்ற மூன்று வரி அதற்குப் போதாது. டிஸ்க் நிரம்பியது நோயின் அறிகுறி. அதற்குப் பின்னால் இருப்பதைத் தேடிப் போனால்தான் அறிக்கைக்குப் பொருள் உண்டு. இதை விளங்கிக்கொள்ள ஒரு மாதிரி நிகழ்வை முதலிலிருந்து முடிவுவரை பார்க்கலாம். நிறுவனமும் தேதிகளும் விளக்கத்துக்காக அமைத்தவை. பழுதின் போக்கு மட்டும் சர்வர் வேலையில் அடிக்கடி எதிர்ப்படும் ஒன்று.

ஒரு நடுத்தர நிறுவனம் இணையத்தில் துணி விற்கிறது. வெப் சர்வர் ஒன்று, டேட்டாபேஸ் வேறொரு சர்வரில். வெப் சர்வரின் ரூட் பார்ட்டிஷன் 40 ஜிபி. மார்ச் 22, சனிக்கிழமை காலை 6.40-க்கு ஆர்டர்கள் நின்றுவிடுகின்றன. தளத்தைக் கண்காணிக்கும் சேவை முகப்புப் பக்கத்தை மட்டும் நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கிறது. அது திறப்பதால் "எல்லாம் நலம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது. 8.25-க்கு ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, உள்ளே நுழைய முடியவில்லை என்கிறார். 8.40-க்குப் பொறியாளர் சர்வருக்குள் நுழைந்து முதலில் கேட்கும் கேள்வி இது:

```
$ df -h /
Filesystem      Size  Used Avail Use% Mounted on
/dev/root        39G   37G     0 100% /
```

மொத்தம் 39, பயன்படுத்தியது 37, மிச்சம் சுழியம். இரண்டு ஜிபி எங்கே போயிற்று என்று புதியவர்கள் திகைப்பார்கள். `ext4` கோப்பு முறை வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. டிஸ்க் நிரம்பினாலும் நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்ய முடியவேண்டும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. வெப் சர்வர் நிரல்கள் சாதாரணப் பயனராக ஓடுவதால் அந்த ஒதுக்கீட்டைத் தொட முடியாது. அதனால்தான் தளம் முடங்கிய நேரத்திலும் பொறியாளரின் கட்டளைகள் சிக்கலின்றி ஓடுகின்றன.

முதலில் மூச்சுவிட இடம் வேண்டும். மென்பொருள் நிறுவலுக்காக இறக்கி வைத்த பழைய பொதிகளை `apt-get clean` கட்டளையால் நீக்குகிறார். சுமார் ஒரு ஜிபி கிடைக்கிறது. 8.58-க்கு முதல் ஆர்டர் வந்துவிடுகிறது. பல அலுவலகங்களில் விசாரணை இந்த இடத்தோடு முடிந்துவிடும். ஆனால் 36 ஜிபியை எது பிடித்து வைத்திருக்கிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கோப்புகளைக் கூட்டிப் பார்க்க இன்னொரு கட்டளை உண்டு:

```
$ sudo du -xsh /
12G     /
```

ஒரே டிஸ்க்கைப் பற்றி ஒரு கட்டளை 36 என்கிறது, மற்றது 12 என்கிறது. இந்த 24 ஜிபி வேறுபாடுதான் வழக்கின் திறவுகோல். `du` கட்டளை அடைவுகளுக்குள் நுழைந்து, பெயருள்ள கோப்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கூட்டுகிறது. `df` கட்டளையோ கோப்பு முறையின் கணக்கேட்டையே கேட்கிறது. இரண்டும் இவ்வளவு விலகினால், பெயர் நீக்கப்பட்ட பிறகும் இடத்தை விடாத கோப்பு ஒன்று எங்கோ இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம்.

லினக்ஸில் ஒரு கோப்பை நீக்குவது என்றால், அடைவிலிருந்து அதன் பெயரை நீக்குவது மட்டுமே. ஏதாவது ஒரு நிரல் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால், உள்ளடக்கம் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். நிரல் அதில் தொடர்ந்து எழுதவும் முடியும். கதவிலிருந்து எண் பலகையைக் கழற்றிவிட்டால் தபால்காரர் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க மாட்டார், ஆனால் உள்ளே குடித்தனம் நடந்துகொண்டுதான் இருக்கும். நிரல் அந்தக் கோப்பை மூடும்போதோ, நிரலே நிறுத்தப்படும்போதோதான் இடம் விடுபடும். இப்படிப்பட்ட கோப்புகளைக் காட்டுவதற்கென்றே ஒரு வழி இருக்கிறது:

```
$ sudo lsof +L1
COMMAND  PID USER     FD  TYPE DEVICE    SIZE/OFF NLINK   NODE NAME
php     1184 www-data 3w  REG  259,1  25612738560     0 262411 /var/log/pay/app.log.1 (deleted)
```

ஒரே வரியில் விடை வந்துவிட்டது. பணம் செலுத்தும் பகுதிக்காகப் பின்னணியில் ஓடும் ஒரு நிரல், நீக்கப்பட்ட லாக் கோப்பில் கிட்டத்தட்ட 24 ஜிபி எழுதியிருக்கிறது. `NLINK` என்ற தலைப்பின் கீழ் இருக்கும் சுழியம், அந்தக் கோப்புக்கு இப்போது பெயரே இல்லை என்பதைக் குறிக்கிறது. பெயரில்லாவிட்டாலும் `/proc/1184/fd/3` என்ற பாதையில் அதைப் படிக்க முடியும். அனுபவமுள்ள பொறியாளர் நிரலை மறுதொடக்கம் செய்வதற்கு முன், கடைசிச் சில ஆயிரம் வரிகளை அந்த வழியில் எடுத்து வேறொரு சர்வரில் வைத்துக்கொள்வார். நிரல் நின்ற அடுத்த நொடி அந்தத் தடயம் முழுவதும் போய்விடும். 9.26-க்கு நிரல் மறுதொடக்கம் ஆகிறது, 24 ஜிபி திரும்பி வருகிறது.

இனிக் கேட்கவேண்டியது, யாருமே நீக்காத கோப்பு எப்படி நீங்கியது என்பது. லாக் கோப்புகளை ஒழுங்குபடுத்த `logrotate` என்ற கருவி சர்வரில் தினம் ஒருமுறை ஓடுகிறது. அது `app.log` என்ற கோப்பின் பெயரை `app.log.1` என்று மாற்றி, அதைச் சுருக்கி `app.log.1.gz` ஆக்கி, சுருக்காத மூலத்தை நீக்கிவிடும். சுருக்கத் தொடங்கும் முன்பே `app.log` என்ற பெயரில் புதிய வெற்றுக் கோப்பையும் வைத்துவிடும். இதில் ஒரு படி விட்டுப்போகக் கூடாது: எழுதிக்கொண்டிருக்கும் நிரலிடம் "பழையதை மூடு, புதியதைத் திற" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நிரல் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டு எழுதும். நிரலுக்குக் கோப்பின் பெயர் ஒரு பொருட்டில்லை, திறந்து வைத்த இணைப்புதான் கணக்கு.

பணம் செலுத்தும் பகுதி மார்ச் 3 அன்று நிறுவப்பட்டது. அதன் லாக் அமைப்பை எழுதியபோது இன்னொரு சர்வரிலிருந்த அமைப்பு நகலெடுக்கப்பட்டது. நிரலுக்குச் செய்தி சொல்லும் பகுதி அதில் இல்லை. அன்று நள்ளிரவு கருவி ஓடியபோதே மூலக் கோப்பு பெயரிழந்தது. புதிய `app.log` சுழியம் பைட்டாகவே நின்றது. வெற்றுக் கோப்பைத் தொடாதே என்றும் அமைப்பில் எழுதியிருந்ததால், கருவி அதன்பிறகு எதையும் செய்யவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. அடைவைத் திறந்து பார்ப்பவருக்கு ஒரு சிறிய சுருக்கிய கோப்பும் ஒரு வெற்றுக் கோப்பும்தான் தெரியும். லாக் மிக ஒழுங்காக இருப்பதாகவே அவர் நினைப்பார். சோதனைக் காலத்துக்கான விரிவான பதிவு முறையும் அணைக்கப்படவில்லை. ஆகவே நாளுக்குச் சுமார் 1.3 ஜிபி, 18 நாட்கள், கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்துகொண்டே வந்தது.

எச்சரிக்கை ஏற்பாடும் ஒன்று இருந்தது. டிஸ்க் 90 சதவீதத்தைத் தாண்டினால் மின்னஞ்சல் போகும். மார்ச் 19 காலையில் அது போகவும் செய்தது. போன முகவரி, ஜனவரியில் வேலையைவிட்டு விலகிய ஒருவருடையது. இடம் முழுவதும் தீர்வதற்கு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன.

அறிக்கை எழுத உட்காரும்போது ஒரு வினோதமான இடைஞ்சல் வரும். டிஸ்க் நிரம்பிய நேரத்தில் சர்வரின் பெரும்பாலான லாக்குகளும் எழுதப்பட்டிருக்காது. பழுது நடந்த நேரம் அதன் சொந்தப் பதிவில் வெற்றிடமாகவே இருக்கும். கால வரிசையை வெளியிலிருந்துதான் திரட்ட வேண்டும்: டேட்டாபேஸில் கடைசியாகப் பதிவான ஆர்டரின் நேரம், பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கணக்கு, கிளவுட் நிறுவனம் தனியாக வரையும் வரைபடங்கள், உதவி மையத்துக்கு வந்த அழைப்புகள். ஒவ்வொரு நேரமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பொறியாளர் தம் குறிப்பில் வைத்திருப்பது நல்லது. "சுமார் ஏழு மணிக்கு" என்று நினைவிலிருந்து எழுதிய நேரம், பிறகு வாடிக்கையாளரோடு கணக்குப் பார்க்கும்போது உதவாது.

இவ்வளவும் கையில் இருக்கும்போது மின்னஞ்சல் இப்படி அமையலாம்:

> பொருள்: மார்ச் 22 காலை இணைய விற்பனை 2 மணி 18 நிமிடம் நின்றது: காரணமும் நடவடிக்கையும்
>
> வணக்கம்.
>
> மார்ச் 22, சனிக்கிழமை காலை 6.40 முதல் 8.58 வரை நம் தளத்தில் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழையவோ ஆர்டர் கொடுக்கவோ முடியவில்லை. இப்போது தளம் முழுமையாக இயங்குகிறது. இதே காரணத்தால் இந்தச் சர்வரில் மீண்டும் நிற்காதபடி அன்றே திருத்தம் செய்யப்பட்டது.
>
> பாதிப்பு. இந்த நேரத்தில் ஆர்டர் எதுவும் பதிவாகவில்லை. முந்தைய சனிக்கிழமைகளில் இதே நேரத்தில் ஏறத்தாழ 60 ஆர்டர்கள் வந்துள்ளன. 4 வாடிக்கையாளர்களிடம் பணம் பிடிக்கப்பட்டு ஆர்டர் பதிவாகவில்லை. நால்வருக்கும் பணம் திருப்பி அனுப்பப்பட்டு, தொலைபேசியிலும் தெரிவிக்கப்பட்டது. டேட்டாபேஸ் வேறு சர்வரில் இருப்பதால் ஏற்கெனவே பதிவான தகவல் எதுவும் இழக்கப்படவில்லை.
>
> காரணம். வெப் சர்வரின் முதன்மை டிஸ்க் பகுதி முழுவதும் நிரம்பியது. மார்ச் 3 அன்று நிறுவிய பணம் செலுத்தும் பகுதியின் பதிவுக் கோப்பு, தினசரி ஒழுங்குபடுத்தும் அமைப்பில் ஒரு படி விட்டுப்போனதால், 18 நாட்களில் 24 ஜிபியாக வளர்ந்தது. அந்தக் கோப்பு வழக்கமான பட்டியலில் தெரியாத நிலையில் இருந்தது.
>
> முன்பே தெரியாமல் போனது ஏன். மார்ச் 19 அன்று தானியங்கி எச்சரிக்கை சென்றது. அது பயன்பாட்டில் இல்லாத முகவரிக்குப் போனது. தளத்தைக் கண்காணிக்கும் சேவை முகப்புப் பக்கத்தை மட்டும் சோதிப்பதால், பழுது தொடங்கியபோதும் அது காட்டிக்கொடுக்கவில்லை. 1 மணி 45 நிமிடம் கழித்து வாடிக்கையாளர் அழைத்த பிறகே தெரிந்தது.
>
> முடிந்தவை (மார்ச் 22). பதிவுக் கோப்பின் அமைப்பு திருத்தப்பட்டது. விரிவான பதிவு முறை அணைக்கப்பட்டது. எச்சரிக்கை இப்போது பணிமுறையில் இருப்பவரின் கைபேசிக்குப் போகிறது.
>
> செய்யவேண்டியவை. மற்ற சர்வர்களில் இதே அமைப்பு இருக்கிறதா என்ற சோதனை: சர்வர் குழு, மார்ச் 25. ஆர்டர் வழியை முழுமையாகச் சோதிக்கும் கண்காணிப்பு: மென்பொருள் குழு, ஏப்ரல் 4. பதிவுகளுக்குத் தனி டிஸ்க்: சர்வர் குழு, ஏப்ரல் 11. இதற்கான மாதச் செலவுக்குத் தங்கள் ஒப்புதல் தேவை. மதிப்பீடு இணைப்பில் உள்ளது.
>
> இன்னும் தெரியாதது. அந்தப் பதிவுகளில் வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்கள் எந்த அளவுக்கு இருந்தன என்பது ஆராயப்படுகிறது. மார்ச் 24 மாலைக்குள் தனியாகத் தெரிவிக்கிறோம்.
>
> தொழில்நுட்ப விவரங்கள் இணைப்பில் உள்ளன.

இந்தக் கடிதத்தில் ஒரு கட்டளைகூட இல்லை. `df`, `lsof` எல்லாம் இணைப்புக்குப் போய்விட்டன. அவற்றைப் பொறியாளர்கள் படிப்பார்கள். நிர்வாகி கைபேசியில் மூன்று வாக்கியம் மட்டும் படித்தாலும், எவ்வளவு நேரம் நின்றது, இப்போது சரியா, மறுபடி வருமா என்ற மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். பொருள் வரியிலேயே தேதியும் நேர அளவும் இருப்பதால், ஆறு மாதம் கழித்துத் தேடினாலும் கடிதம் அகப்படும்.

"முன்பே தெரியாமல் போனது ஏன்" என்ற பகுதியைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் கடிதத்தின் எடை அங்கேதான் இருக்கிறது. லாக் அமைப்பில் ஒரு படி விட்டுப்போவது எந்த அலுவலகத்திலும் நடக்கும், அடுத்த ஆண்டு வேறொரு உருவில் வரவும் செய்யும். எச்சரிக்கை போகவேண்டிய இடத்துக்குப் போயிருந்தால் மூன்று நாட்கள் கையில் இருந்திருக்கும். கண்காணிப்பு ஆர்டர் வழியைச் சோதித்திருந்தால் 1 மணி 45 நிமிடம் மிஞ்சியிருக்கும். பழுதின் நீளத்தைப் பெரும்பாலும் தீர்மானித்தவை இந்த இரண்டு ஓட்டைகள்தான்.

அமைப்பை நகலெடுத்தவரின் பெயர் கடிதத்தில் இல்லை என்பதையும் கவனிக்கலாம். இது வெறும் பெருந்தன்மை அல்ல. எட்ஸி நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் ஆல்ஸ்பா 2012-இல் பழிசுமத்தாத அறிக்கை முறை பற்றி எழுதினார். 2016-இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட சர்வர் நம்பகத்தன்மை பற்றிய நூலும் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கியது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினால் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல முன்வர மாட்டார்கள், விசாரணைக்குத் தேவையான தகவல் வறண்டுவிடும் என்பது இவர்கள் சொல்லும் நடைமுறைக் காரணம். "மனிதத் தவறு" என்று காரணப் பகுதியில் எழுதிவிட்டால் விசாரணை அங்கேயே நின்றுவிடும். ஒருவர் விட்டுவிடக்கூடிய படியை, அமைப்பு ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால்தான் அது மேலே நகரும். அதே சமயம் "விட்டுப்போனது" என்ற உண்மையைக் கடிதம் மறைக்கவும் இல்லை. பெயரை விடுவதும் நிகழ்வை மழுப்புவதும் வேறு வேறு.

தடுப்பு நடவடிக்கை என்று முதலில் எல்லாருக்கும் தோன்றுவது டிஸ்க்கைப் பெரிதாக்குவது. 40 ஜிபியை 80 ஆக்கினால் இந்தச் சர்வர் இன்னும் ஒரு மாதம் தாங்கியிருக்கும், அவ்வளவுதான். வளர்ச்சி நிற்காதவரை அது தேதியைத் தள்ளிவைக்கும் செலவு. உண்மையான திருத்தம் லாக் அமைப்பில் சில வரிகள்:

```
/var/log/pay/app.log {
    daily
    rotate 7
    compress
    delaycompress
    missingok
    postrotate
        systemctl restart pay-worker
    endscript
}
```

`postrotate` என்பதற்கும் `endscript` என்பதற்கும் நடுவே இருக்கும் வரிதான் முன்பு இல்லாதது. பெயர் மாற்றிய உடனே நிரல் மறுதொடக்கம் ஆகி, புதிய கோப்பைத் திறக்கிறது. `delaycompress` இருப்பதால் முந்தைய நாள் கோப்பு சுருக்கப்படாமல் ஒரு நாள் இருக்கும். மறுதொடக்கம் ஏதோ காரணத்தால் நடக்காமல் போனாலும், அந்த ஒரு நாள் கோப்பு பெயரோடு கண்ணில் படும். நிரலை மறுதொடக்கம் செய்ய முடியாத இடங்களில் `copytruncate` என்ற வேறு வழி உண்டு. அது கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும். ஆனால் நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் இடையே வந்த வரிகள் தொலைந்துபோகலாம், நகல் வைக்க அதே அளவு இடமும் வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட லாக்குக்கு இது ஏற்ற வழி அல்ல.

எச்சரிக்கையைப் பொறுத்தவரை, 90 சதவீதம் என்ற ஒற்றை எல்லை போதாது. நாளுக்குச் சில மெகாபைட் வளரும் சர்வரில் 90 சதவீதம் என்பது பல மாத அவகாசம். வேகமாக எழுதும் சர்வரில் அது சில மணி நேரமாகவும் இருக்கலாம். ஆகவே நிரம்பிய அளவோடு நிரம்பும் வேகத்தையும் பார்க்க வேண்டும். புரோமிதியஸ் போன்ற கண்காணிப்பு மென்பொருளில் `predict_linear` என்ற செயல்பாடு இதற்காகவே இருக்கிறது. கடந்த சில மணி நேரப் போக்கு தொடர்ந்தால் நான்கு நாளில் இடம் தீருமா என்று அது கணிக்கும். மாதிரி நிகழ்வில் அப்படி ஒரு விதி இருந்திருந்தால் மார்ச் 18 வாக்கிலேயே மணி அடித்திருக்கும்.

பதிவுகளுக்குத் தனி டிஸ்க் கேட்பதன் நோக்கமும் இடத்தைக் கூட்டுவது அல்ல. `/var/log` தனிப் பகுதியில் இருந்தால், லாக் எவ்வளவு வெறித்தனமாக வளர்ந்தாலும் நிரம்புவது அந்தப் பகுதி மட்டுமே. செஷன் கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளும் ரூட் பகுதியில் தொடர்ந்து எழுதப்படும், விற்பனை நடக்கும். லாக் மட்டும் நின்றுபோகும். சில மென்பொருள்கள் லாக் எழுத முடியாவிட்டால் தாமும் நின்றுவிடும். அதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளாமல் "இனி பிரச்சினை இல்லை" என்று கடிதத்தில் எழுதிவிடக் கூடாது.

மற்ற சர்வர்களையும் சோதிக்க வேண்டும் என்ற வரி சம்பிரதாயத்துக்காகச் சேர்த்ததுபோல் தோன்றலாம். அதன் அவசியத்தை 2023-இல் டொயோட்டா நிறுவனத்துக்கு நேர்ந்தது காட்டுகிறது. ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் அந்நிறுவனத்தின் 14 தொழிற்சாலைகளிலும் உற்பத்தி நின்றது. உதிரிபாகங்களுக்கான ஆர்டர்களைக் கையாளும் சர்வர்கள் செயலிழந்ததே காரணம். செப்டம்பர் 6 அன்று நிறுவனம் வெளியிட்ட விளக்கத்தின்படி, ஆகஸ்ட் 27 அன்று நடந்த வழக்கமான பராமரிப்பில் டேட்டாபேஸில் சேர்ந்திருந்த தரவை நீக்கி ஒழுங்குபடுத்தியபோது, டிஸ்க்கில் இடம் போதாமல் பிழை ஏற்பட்டுச் சர்வர்கள் நின்றன. மாற்று ஏற்பாடாக இருந்தவையும் அதே அமைப்பில் ஓடியதால் அவற்றுக்கும் அதே கதி நேர்ந்தது, அவற்றுக்கு மாற முடியவில்லை. கூடுதல் கொள்ளளவுள்ள சர்வருக்குத் தரவை மாற்றிய பிறகே நிலைமை சீரானது, மறுநாள் தொழிற்சாலைகள் இயங்கின. ஒரே அமைப்பைப் பகிரும் இரண்டு சர்வர்கள் ஒரே நாளில் நிரம்பும். நகலெடுத்த லாக் அமைப்பு வேறு எத்தனை சர்வரில் இருக்கிறது என்று தேடுவது அதனால்தான் மூன்று நாள் கெடுவோடு பட்டியலின் தலையில் நிற்கிறது. டொயோட்டாவின் விளக்கமும் சில பத்திகள்தான், பெயர் சொல்லி யாரையும் குறை கூறவில்லை, காரணத்தையும் திருத்தத்தையும் தேதியோடு சொன்னது.

மின்னஞ்சல் எப்போது போகவேண்டும் என்பதிலும் தெளிவு தேவை. முழுக் காரணமும் தெரியும்வரை காத்திருந்தால் நிர்வாகம் வாடிக்கையாளரிடமிருந்து செய்தியைக் கேட்க நேரிடும். தளம் திரும்பிய ஒரு மணி நேரத்துக்குள், "நின்றது, இப்போது ஓடுகிறது, காரணம் ஆராயப்படுகிறது, இத்தனை மணிக்குள் எழுதுகிறோம்" என்று நாலு வரி அனுப்பிவிட்டு, மேலே காட்டிய முழு அறிக்கையை ஓரிரு வேலை நாளுக்குள் அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும். முதல் மடலில் காரணத்தை ஊகிக்கக் கூடாது. "யாரோ தளத்தைத் தாக்கியிருக்கலாம்" என்று அவசரத்தில் எழுதிவிட்டு, இரண்டு நாள் கழித்து லாக் கோப்பு என்று திருத்துவது நிறுவனத்துக்கு வெளியேயும் தீங்கு செய்யும்.

கடிதத்தில் வாக்களித்த ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கவும் வழி உண்டு. தனி டிஸ்க் வந்த பிறகு, விற்பனை குறைந்த ஒரு நேரத்தில் அந்தப் பகுதியில் வேண்டுமென்றே ஒரு பெரிய கோப்பை உருவாக்கலாம்:

```
sudo fallocate -l 15G /var/log/test.img
```

கொடுக்கும் அளவு எச்சரிக்கை எல்லையைத் தாண்டவேண்டும், பகுதியை முழுவதும் நிரப்பிவிடக் கூடாது. சில நிமிடங்களில் பணிமுறையில் இருப்பவரின் கைபேசி ஒலிக்க வேண்டும், தளத்தில் ஆர்டர் கொடுக்கவும் முடியவேண்டும். பிறகு கோப்பை நீக்கிவிட்டு, `df` பழைய அளவுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். கைபேசி ஒலிக்கவில்லை என்றால் எச்சரிக்கைத் திருத்தம் இன்னும் முடியவில்லை என்று பொருள், பட்டியலில் அந்த வரி திறந்தே இருக்கவேண்டும். சோதனையின் தேதியையும் முடிவையும் அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக நிர்வாகத்துக்கு அனுப்பிய பிறகுதான் அந்த அறிக்கையை முடிந்ததாகக் கொள்ளலாம்.